ஒரே கட்-ஆஃப், ஆறு பேர், ஆறு ரேங்க்: தரவரிசைப் பட்டியலை எக்செல்லில் தப்பில்லாமல் போடுவது எப்படி

"இருவருக்கும் 190 தானே சார், அந்தப் பையன் மட்டும் எப்படி முன்னால போனான்?"

அட்மிஷன் நேரத்தில் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பவரிடம் ஒரு நிமிடத்தில், ஒரே வரியைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தால் பட்டியல் சரியாகப் போடப்பட்டிருக்கிறது. "கம்ப்யூட்டர் போட்டதுங்க" என்று சொல்ல வேண்டி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் நெடுநாள் புழங்கிய விதியை எடுத்துக்கொண்டு, ஏழு விண்ணப்பங்களை வைத்து, முதலிலிருந்து ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம். கலைக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ, உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஆனால் தப்பு நடக்கும் இடங்கள் எல்லாம் இவைதான்.

ஏன் இத்தனை பேர் சமமாக வருகிறார்கள்

பொறியியலுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை என்பதால் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்.

முன்பு ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். அப்போது கணிதத்தை இரண்டாலும், மற்ற இரண்டையும் நான்காலும் வகுத்தார்கள். கட்-ஆஃப் கால் கால் மதிப்பெண்ணாக நகரும். 0 முதல் 200 வரை மொத்தம் 801 மதிப்புகள் சாத்தியம். 2019-ல் பிளஸ் டூ எழுதியவர்கள் முதல் பாடத்துக்கு 100 மதிப்பெண் ஆனது. இப்போது கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி. கட்-ஆஃப் அரை அரையாகத்தான் நகரும். சாத்தியமான மதிப்புகள் 401 மட்டுமே. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 401 படிகளில் நிறுத்தினால், ஒவ்வொரு படியிலும் கூட்டம்தான். சமநிலை என்பது எப்போதோ வரும் சிக்கல் இல்லை, பட்டியலின் பெரும்பகுதியே அதுதான்.

ஆகவே கட்-ஆஃப் கணக்கை விட, சமநிலையை உடைக்கும் விதிதான் பெரும்பாலானவர்களின் ரேங்க்கைத் தீர்மானிக்கிறது.

முதல் படி: விதியை வரிசையாக எழுதி ஒட்டுங்கள்

எக்செல்லைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் வரிசை இது:

கட்-ஆஃப் அதிகம் உள்ளவர் முன். அது சமமானால் கணிதம். அதுவும் சமமானால் இயற்பியல். பிறகு நான்காவது பாடம், அதாவது உயிரியலோ கணினி அறிவியலோ எடுத்திருப்பார்களே, அது. அதற்கும் பிறகு பிறந்த தேதி, வயதில் மூத்தவர் முன். கடைசியாக ரேண்டம் எண், பெரிய எண் உள்ளவர் முன்.

நடுவில் வரும் படிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். சேர்க்கை நடக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். போன வருட ஃபைலைத் திறந்து அதன் மேலேயே வேலை செய்யும் பழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாரும்.

இந்த வரிசையில் வேதியியல் இல்லையே என்று பலர் கேட்பார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, தாங்களாகவே சேர்த்துவிடுபவர்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள்: கட்-ஆஃப் சமம், கணிதம் சமம், இயற்பியலும் சமம் என்றால் மிச்சம் இருக்கும் வேதியியல் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. அதனால்தான் கட்-ஆஃப் கணக்கில் இல்லாத நான்காவது பாடத்துக்குப் போகிறார்கள். நீங்கள் சொந்தமாக விதி எழுதும் கல்லூரி என்றால் இதைக் கவனியுங்கள். மூன்று பாட மொத்தத்தை வைத்து ரேங்க் போட்டுவிட்டு, அதே மூன்று பாடங்களையும் சமநிலைக்கு வைத்தால், மூன்றாவது படி வெறும் அலங்காரம்.

இரண்டாம் படி: தரவை உட்கார வைப்பது

நம் ஏழு பேர் இவர்கள். எண்கள் எல்லாம் நானே வைத்தவை.

| எண் | சமூகம் | கணிதம் | இயற்பியல் | வேதியியல் | 4-ம் பாடம் | பிறந்த தேதி | ரேண்டம் எண் |
|---|---|---|---|---|---|---|---|
| 101 | பி.சி. | 95 | 96 | 94 | 97 | 14-03-2007 | 5620918347 |
| 102 | எம்.பி.சி. | 97 | 94 | 92 | 90 | 30-01-2007 | 2093847561 |
| 103 | பி.சி. | 95 | 98 | 92 | 93 | 09-06-2007 | 7719203845 |
| 104 | எஸ்.சி. | 95 | 96 | 94 | 99 | 02-11-2007 | 1482930576 |
| 105 | எம்.பி.சி. | 95 | 96 | 94 | 97 | 21-08-2006 | 3817204956 |
| 106 | பி.சி. | 92 | 99 | 98 | 95 | 17-12-2006 | 6035718294 |
| 107 | பி.சி. | 95 | 96 | 94 | 97 | 21-08-2006 | 8240561379 |

எண் A-யில் தொடங்கி ரேண்டம் எண் H வரை போகட்டும். தலைப்பு முதல் வரியில், தரவு 2 முதல் 8 வரை. I நெடுவரிசையில் கட்-ஆஃப்:

```
=ROUND(C2+D2/2+E2/2,2)
```

எல்லோரும் மாநிலப் பாடத்திட்டம் என்றால் `ROUND` தேவையே இல்லை. வேறு போர்டுகளிலிருந்து வருபவர்களின் மதிப்பெண்ணை 100-க்கு மாற்றும்போது 93.33 போல நீளமான தசமங்கள் வரும். கண்ணுக்கு ஒரே எண்ணாகத் தெரியும் இரண்டு கட்-ஆஃப்கள் பத்தாவது தசமத்தில் வேறாக இருந்தால், எக்செல் அவற்றைச் சமம் என்று எடுத்துக்கொள்ளாது. கணிதத்துக்குப் போகாமலே ஒருவரை மேலே வைத்துவிடும். எத்தனை தசமம் என்பதையும் விதித் தாளிலேயே எழுதிவிடுங்கள். 100-க்கு மாற்றிய பாட மதிப்பெண்களையும் அதேபோல் ரவுண்டு செய்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: தேதி உண்மையிலேயே தேதியா?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்த தப்புகளில் பாதி இந்த ஒரு நெடுவரிசையில்தான்.

ஒரு வருடம், நான் உதவிக்குப் போயிருந்த ஒரு கல்லூரியில், நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டி ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஒரு அப்பா இரண்டு பிறப்புச் சான்றிதழ் நகல்களோடு வந்துவிட்டார். அவர் பெண் அடுத்த பையனை விட ஏழு மாதம் மூத்தவள். மதிப்பெண் எல்லாம் ஒன்றே. ஆனால் பையன் மேலே இருந்தான். பார்த்தால், பிறந்த தேதி முழுக்க எழுத்தாக இருந்தது, தேதியாக இல்லை. சார்ட் செய்தவர் மேல் குற்றமில்லை. தட்டச்சு செய்தவர் செல்லை டெக்ஸ்ட் ஃபார்மட்டில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

எழுத்தாக இருந்தால் என்ன ஆகும்? எக்செல் அதை அகராதி வரிசையில் அடுக்கும். முதலில் நாள், பிறகு மாதம், கடைசியில்தான் ஆண்டு. நம் பட்டியலில் 101-ன் தேதி 14-03-2007. 105, 107 இருவரின் தேதியும் 21-08-2006. உண்மையில் அவர்கள் இருவரும்தான் மூத்தவர்கள். எழுத்தாகப் பார்த்தால் "14" என்பது "21"-க்கு முன்னால் வரும். 101 இருவரையும் தாண்டி மேலே போய்விடுவார்.

கண்டுபிடிக்க எளிய வழி:

```
=COUNT(G2:G8)
```

`COUNT` எண்களை மட்டுமே எண்ணும். எக்செல்லில் உண்மையான தேதி என்பது உள்ளுக்குள் ஒரு எண். விடை 7 என்றால் ஏழும் உண்மையான தேதிகள். 0 என்றால் எல்லாம் எழுத்து.

விடை 3, 4 என்று நடுவில் வந்தால்தான் உண்மையான ஆபத்து. அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி செட் செய்யப்பட்டிருக்கலாம். அப்போது 21-08-2006 போன்ற தேதியில் 21 என்ற மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும். ஆனால் 02-11-2007 என்பது பிப்ரவரி 11 ஆகி, உண்மையான தேதி போலவே உட்கார்ந்திருக்கும். அதாவது எழுத்தாக நிற்பவை சரியாக இருக்கின்றன, தேதியாக மாறியவைதான் தலைகீழாகிவிட்டன. எழுத்தாக நிற்பதை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தால் பாதிப் பட்டியல் தப்பாகவே இருக்கும். மூல ஃபைலுக்குப் போய், `Data` > `Text to Columns` கடைசித் திரையில் `Date: DMY` தேர்ந்தெடுத்து முழு நெடுவரிசையையும் புதிதாகக் கொண்டுவாருங்கள்.

இதே `COUNT` சோதனையை மதிப்பெண் நெடுவரிசைகளுக்கும் போடுங்கள். மதிப்பெண்ணை 095 என்று மூன்று இலக்கமாகத் தருகிற ஃபைல்களில் அது எழுத்தாக வந்து விழும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: கூட்டல் கழித்தல் செய்யும்போது எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்வதால் கட்-ஆஃப் சரியாகவே வரும், யாருக்கும் சந்தேகம் வராது. சார்ட் செய்யும்போதுதான், இறங்கு வரிசையில் எழுத்துகள் எண்களுக்கு மேலே போகும் என்பதால், எழுத்தாக இருக்கும் 095 எண்ணாக இருக்கும் 97-ஐத் தாண்டிவிடக்கூடும்.

வயதைப் பற்றி இன்னொன்று. "வயது" என்று ஒரு நெடுவரிசை வைத்து 17, 18 என்று போடாதீர்கள். ஒரே வயதில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிறந்த தேதியையே ஏறு வரிசையில் வையுங்கள். பழைய தேதி மேலே வந்தால் மூத்தவர் மேலே வந்துவிட்டார் என்று அர்த்தம். மற்ற எல்லாப் படிகளும் இறங்கு வரிசை, இது ஒன்று மட்டும் ஏறு வரிசை. வேகத்தில் இதையும் இறக்கத்தில் வைத்துவிடுவது சகஜம்.

நான்காம் படி: ரேண்டம் எண்

105, 107 இருவரையும் பாருங்கள். மதிப்பெண்கள் ஒன்று, பிறந்த நாளும் ஒன்று. இரட்டையர்களாகவே இருக்கலாம். இவர்களைப் பிரிக்க நியாயமான காரணம் எதுவும் மிச்சமில்லை, குலுக்கல்தான் வழி. பொறியியல் சேர்க்கையில் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் பத்து இலக்க ரேண்டம் எண்ணைத் தரவரிசைக்கு முன்பே ஒதுக்கி வெளியிடுகிறார்கள். முன்பே என்பதுதான் முக்கியம். ரேங்க் தெரிந்த பிறகு குலுக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

```
=RANDBETWEEN(1000000000,9999999999)
```

இதைப் போட்ட உடனே நெடுவரிசை முழுவதையும் காப்பி செய்து, `Paste Special` > `Values` கொடுத்து எண்ணாக உறைய வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எந்தச் செல்லை மாற்றினாலும் எல்லா எண்களும் மாறும். சார்ட் செய்தாலும் மாறும். காலையில் எடுத்த பிரிண்ட்டில் 107 மேலே, மாலையில் எடுத்ததில் 105 மேலே என்றால் விளக்கம் சொல்லி மாளாது. உறைய வைத்த பிறகு, ஒரே எண் இருவருக்கு வரவில்லை என்பதையும் `COUNTIF` போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறி, பட்டியலைத் திரும்பப் போட வேண்டி வரும். அப்போதும் பழைய ரேண்டம் எண்தான். புதிதாகக் குலுக்கக் கூடாது. சம்பந்தமே இல்லாத இரட்டையர்கள் இடம் மாறிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: அடுக்குவது

தரவு முழுவதையும் தேர்ந்தெடுத்து `Data` > `Sort`. `Add Level` அழுத்தி ஆறு நிலைகள்: I, C, D, F நான்கும் `Largest to Smallest`, G மட்டும் `Oldest to Newest`, H மறுபடியும் `Largest to Smallest`. G-க்கு `Oldest to Newest` என்பதற்குப் பதில் `A to Z` என்று காட்டினால், அந்த நெடுவரிசையில் எழுத்து கலந்திருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். எக்செல்லே கொடுக்கும் எச்சரிக்கை இது, பலர் பார்ப்பதில்லை.

இந்த ஆறு நிலைகளுக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய எண்ணாக்கி, அதை வைத்து ஒரே சார்ட்டில் முடிக்கலாமே என்று ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. வேண்டாம். கட்-ஆஃப் நான்கு இலக்கம், மூன்று பாடங்கள் ஒன்பது இலக்கம், ஆக 13. தேதிக்கு ஐந்து இலக்கம் சேர்த்தால் 18. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்திருக்கும், மிச்சத்தைப் பூஜ்யம் ஆக்கிவிடும். வெட்டுப்படுவது சரியாகப் பிறந்த தேதியின் வால் பகுதி. கட்-ஆஃப் மாறி வந்தவர்களிடம் எல்லாம் சரியாகவே இருக்கும், வயதால் பிரிய வேண்டியவர்கள் மட்டும் தாறுமாறாக வருவார்கள்.

சரி, அடுக்கியாயிற்று. விடை இப்படி வர வேண்டும்:

| ரேங்க் | எண் | எதனால் இந்த இடம் |
|---|---|---|
| 1 | 106 | கட்-ஆஃப் 190.5 |
| 2 | 102 | 190-ல் கணிதம் 97 |
| 3 | 103 | கணிதம் 95, இயற்பியல் 98 |
| 4 | 104 | நான்காம் பாடம் 99 |
| 5 | 107 | 2006-ல் பிறந்தவர், ரேண்டம் எண் பெரியது |
| 6 | 105 | அதே தேதி, ரேண்டம் எண் சிறியது |
| 7 | 101 | 2007-ல் பிறந்தவர் |

106-க்குத்தான் ஏழு பேரிலும் கணிதம் குறைவு, ஆனாலும் முதலிடம். கட்-ஆஃப் சமமாகும்போதுதான் கணிதம் பேசும். அதேபோல் 104 இந்த ஏழு பேரில் வயதில் கடைக்குட்டி. நான்காம் பாடத்திலேயே பிரிந்துவிட்டதால் அவரிடம் வயதுக் கேள்வியே எழவில்லை. "மூத்தவனுக்குத்தானே முன்னுரிமை" என்று வருபவர்களுக்கு இந்த இரண்டு வரிகளைக் காட்டினால் போதும்.

ஆறாம் படி: வேறு வழியில் சரிபார்ப்பது

சார்ட் செய்த பட்டியலைத் திரும்பச் சார்ட் செய்து பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. அதே தப்பு அதே இடத்தில் வரும். ஒவ்வொருவருக்கும் "எனக்கு முன்னால் எத்தனை பேர்" என்று எண்ணிப் பாருங்கள்:

```
=1+COUNTIFS(I:I,">"&I2)
+COUNTIFS(I:I,I2,C:C,">"&C2)
+COUNTIFS(I:I,I2,C:C,C2,D:D,">"&D2)
+COUNTIFS(I:I,I2,C:C,C2,D:D,D2,F:F,">"&F2)
+COUNTIFS(I:I,I2,C:C,C2,D:D,D2,F:F,F2,G:G,"<"&G2)
+COUNTIFS(I:I,I2,C:C,C2,D:D,D2,F:F,F2,G:G,G2,H:H,">"&H2)
```

ஒவ்வொரு வரியும் விதியின் ஒரு படி. தேதிக்கு மட்டும் `<`, ஏனென்றால் சிறிய தேதி மூத்தவருடையது. 101-க்குக் கையால் போட்டுப் பாருங்கள்: கட்-ஆஃப்பில் முன்னால் ஒருவர், கணிதத்தில் ஒருவர், இயற்பியலில் ஒருவர், நான்காம் பாடத்தில் ஒருவர், வயதில் இருவர். ஆறு பேர் முன்னால், எனவே ரேங்க் 7. பட்டியலோடு பொருந்துகிறது.

எழுத்தாக நிற்கும் மதிப்பெண் ஏதாவது தப்பியிருந்தால், சார்ட் அதை ஒரு மாதிரியும் `COUNTIFS` வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் வேறுபடும் வரியைத் தேடினால் கோளாறு உள்ள செல் கையில் கிடைக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தால் இந்த சூத்திரம் கணினியைத் திணறடிக்கும். அப்போது `I:I` என்பதற்குப் பதில் `$I$2:$I$5000` என்பதுபோல், எல்லா நெடுவரிசைகளின் எல்லையையும் ஒரே அளவில் குறுக்குங்கள்.

ஏழாம் படி: சமூகவாரி ரேங்க்

இதற்குத் தனித்தனி ஃபைல் போட்டு ஒவ்வொரு பிரிவையும் தனியாக அடுக்குவார்கள். தேவையில்லாத வேலை, அதோடு ஒரு ஃபைலில் திருத்தம் செய்துவிட்டு மற்றதில் மறந்துபோகும். ஒரே பட்டியல் அடுக்கியிருக்கும்போது, அதே வரிசையில் மேலிருந்து எண்ணினால் போதும்:

```
=COUNTIF($B$2:B2,B2)
```

நம் பட்டியலில் பி.சி. பிரிவில் 106, 103, 107, 101 என்று 1 முதல் 4 வரை, எம்.பி.சி.யில் 102, 105, எஸ்.சி.யில் 104 ஒருவர். ஒரே சமூகத்துக்குள், பொது ரேங்க்கில் முன்னால் இருப்பவர் சமூக ரேங்க்கில் பின்னால் வரவே முடியாது. வந்திருந்தால் யாரோ தனியாக அடுக்கியிருக்கிறார்கள். பொதுப் போட்டி இடங்கள் எல்லாச் சமூகத்தவருக்கும் உரியவை என்பதால், சமூக ரேங்க் உள்ளவரைப் பொது ரேங்க்கிலிருந்து நீக்கிவிடக் கூடாது. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் எந்த இடம் யாருக்கு என்பது கலந்தாய்வின் வேலை. ரேங்க் பட்டியல் அதற்கு வரிசையை மட்டும் தருகிறது.

வெளியிடும்போது ரேங்க்கையும் பெயரையும் மட்டும் போடாதீர்கள். கட்-ஆஃப், மூன்று பாடங்கள், நான்காம் பாடம், பிறந்த தேதி, ரேண்டம் எண் இத்தனையையும் அந்த மாணவர் தன் லாகினிலோ அலுவலகத்திலோ பார்க்க முடிய வேண்டும். முதலில் தற்காலிகப் பட்டியல். ஆட்சேபம் சொல்ல சில நாட்கள். பிறகு இறுதிப் பட்டியல். அந்தச் சில நாட்களில் வரும் புகார்களில் பெரும்பாலானவை தட்டச்சுப் பிழைகள்தான். ஒன்றைத் திருத்தியதும் அந்த மாணவரை மட்டும் தூக்கி மேலே வைக்காமல், `COUNT` சோதனையிலிருந்து தொடங்கி முழுப் பட்டியலையும் அடுக்குங்கள். பழைய ஃபைலை அழிக்காமல் தேதி போட்டு எடுத்து வையுங்கள், யாராவது "நேற்று நான் 212, இன்னிக்கு 213 எப்படி?" என்று வந்தால், இடையில் புகுந்த அந்த ஒருவர் யார், எந்த மதிப்பெண் திருத்தத்தால் வந்தார் என்பதை இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடலாம்.